சக்கைக் காம்பில் வடிந்த பால்: பன்னிரு சார்புகளில் ஒரு மூட்டு

துக்கம் எதெதைச் சார்ந்து தோன்றுகிறது என்று பௌத்தம் காட்டும் பன்னிரண்டு கண்ணிகளை, அதாவது நிதானங்களை, வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று மணிமேகலை அடுக்குகிற அந்தப் பட்டியலைத் தேர்வுக்காகவோ ஆர்வத்திலோ ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால் புரிந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். அந்த நினைப்பு புத்தரின் சீடர் ஆனந்தருக்கே வந்தது. 'இது ஆழமானது என்கிறார்கள், எனக்கோ தெளிவாகத்தான் தெரிகிறது' என்று அவர் போய்ச் சொல்ல, அப்படிச் சொல்லாதே ஆனந்தா என்று புத்தர் தடுத்த இடத்தில்தான் மகாநிதான சுத்தமே தொடங்குகிறது. சுத்தம் என்றால் இங்கே பாலி நூல்களில் உள்ள புத்தரின் உரை. எனவே நமக்குக் குழப்பம் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னிடம் படிக்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குழப்பம் வருகிறது. ஊறு இருந்தால் நுகர்வு, நுகர்வு இருந்தால் வேட்கை, வேட்கை இருந்தால் பற்று என்று சங்கிலி ஓடுகிறதே, கண்ணும் காதும் இருக்கிறவரை ஊறு இருக்கத்தானே செய்யும், அப்போது வேட்கையிலிருந்து தப்புவது எப்படி, கண்ணைப் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே இருக்கும் மூட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் கடைசிக் காதையில் பன்னிரண்டையும் நான்கு கண்டமாகப் பிரித்து, கண்டங்கள் சேருமிடங்களை மூன்று சந்தி என்கிறார். செய்கைக்கும் உணர்வுக்கும் நடுவில் முதல் சந்தி, நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் இரண்டாம் சந்தி, பவம் என்னும் வினைக் கூட்டத்துக்கும் தோற்றம் என்னும் பிறப்புக்கும் நடுவில் மூன்றாம் சந்தி. இந்த இரண்டாம் சந்தியைத்தான் பார்க்கப் போகிறோம். மற்ற இரண்டையும் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

அதற்கு முன்னால் சொற்களைச் சரிசெய்துகொள்வோம், ஏனென்றால் தமிழில் படிக்கிறவர்களுக்கென்றே ஒரு வலை இங்கே விரித்துக் கிடக்கிறது. மணிமேகலையில் 'உணர்வு' என்பது பாலியில் விஞ்ஞாணம், அதாவது பார்த்தறிதல், கேட்டறிதல் என்கிற அறிதல். இன்றைய தமிழில் உணர்வு என்றால் மனதில் எழும் சோகமும் சந்தோஷமும். இன்றைய காதோடு பழைய பட்டியலைப் படித்தால் மூன்றாம் இடத்திலேயே தடம் மாறிவிடும். 'நுகர்வு' என்பது வேதனா. நமக்கோ நுகர்வோர் நீதிமன்றம் ஞாபகத்துக்கு வருகிறது. சரி, பாலிச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்றால் 'வேதனை' தமிழில் வலியாகவே ஆகிப்போனது, பாலியிலோ இனிமையும் வேதனாதான், இனிமையுமில்லாத துன்பமுமில்லாத மந்தமும் வேதனாதான். 'ஊறு' என்றால் இன்று தீங்கு. அங்கே தீண்டல், தொடர்பு. 'பேதைமை' என்றால் முட்டாள்தனமில்லை, துக்கத்தையும் அது தோன்றும் விதத்தையும் அது ஒழிவதையும் ஒழியும் வழியையும் அறியாதிருப்பது. இது பட்டம் வாங்கியவரிடமும் இருக்கும்.

அடுத்து 'சார்பு'. ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றும் என்பதை, ஒன்று இன்னொன்றைப் பெற்றுப்போடும் என்று படித்துவிடுகிறோம். எங்கள் ஊரில் ரப்பரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பட்டையைக் கீறினால்தான் பால் வரும், கீறாத மரத்தில் சிரட்டையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் சிரட்டைதான் மிச்சம். ஆனால் கீறினாலே பால் வந்துவிடுமா என்றால் இல்லை. இலை உதிர்ந்து மரம் ஓய்ந்திருக்கும் நாளில் கீறிப் பாருங்கள், வெயில் ஏறிய பிறகு கீறிப் பாருங்கள். கீறல் இல்லாமல் பால் இல்லை, ஆனாலும் கீறல் மட்டும் போதாது. வேட்கைக்கு நுகர்வு சார்பு என்றால் இந்த அர்த்தத்தில்தான். 'இது இருக்க அது இருக்கும், இது தோன்ற அது தோன்றும், இது இல்லாதபோது அது இருக்காது, இது ஒழிய அது ஒழியும்' என்ற சூத்திரத்தில் வேலை செய்யும் பாதி பின்பாதி. முன்பாதியை மட்டும் படிக்கிறவர்களுக்கு அது விதி மாதிரித் தெரிகிறது.

இனி எடுத்துக்காட்டு. இது என் சித்தப்பாவின் கதை, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

திருவட்டாறு பக்கம் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் விளை உண்டு. கிழக்கு எல்லையில், வேலியை ஒட்டி ஒரு வருக்கச் சக்கை மரம், எங்கள் பக்கத்தில் பலாவுக்குச் சக்கை என்றுதான் பெயர். அந்த வருஷம் அதில் ஒரு காய் நன்றாகத் திரண்டிருந்தது. திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வரும்போது வெட்டலாம் என்று அதற்குச் சாக்கு கட்டி வைத்திருந்தார். ஒருநாள் விடியற்காலை பால் வெட்டிக்கொண்டே அந்த மூலைக்கு வந்தவர், நெற்றியில் கட்டியிருந்த லைட்டை மேலே திருப்பியிருக்கிறார். சாக்குமில்லை, சக்கையுமில்லை. வெட்டிய காம்பு மட்டும் இருந்தது, அதன் நுனியிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்து மரத்தில் கோடு போட்டிருந்தது. ஈரம் காயவில்லை.

ஆறு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தது. ஏழு மணிக்குள் இரண்டு வீட்டாரும் வேலியடியில். 'எனக்க சக்கையாக்கும் அது' என்று இவர், 'எனக்க பக்கம் சாஞ்ச கொப்புல உள்ளதாக்கும்' என்று அவர். சித்தப்பா கையில் கம்பு எப்படி வந்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. அடி விழவில்லை, நடுவில் சித்தி வந்து விழுந்துவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு இவர்கள் போகவில்லை, அந்த எட்டு மாதமும் சித்தப்பா சரியாகத் தூங்கவுமில்லை.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர் உண்மையிலேயே வெட்டியிருந்தார். அவரே ஒத்துக்கொண்டார். இந்தக் கதையை 'கடைசியில் பார்த்தால் சித்திதான் வெட்டியிருந்தாள்' என்று முடித்தால் சொல்ல வசதியாக இருக்கும், ஆனால் பாடம் கெட்டுப்போகும். பேதைமை என்பது தகவல் பிழை என்று அப்போது தோன்றிவிடும். தகவல் அத்தனையும் சரியாக இருக்கும்போதே இந்தச் சங்கிலி அட்சரம் பிசகாமல் ஓடும்.

இப்போது இதைப் பின்னாலிருந்து முன்னால் பிரிப்போம். மகாநிதான சுத்தத்தில் புத்தர் அப்படித்தான் போகிறார். முதுமையையும் சாவையும் வைத்துக்கொண்டு, பிறப்பே எங்கும் எவருக்கும் இல்லையென்றால் இது இருக்குமா ஆனந்தா என்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு ஒரு படி உள்ளே போகிறார். முன்னாலிருந்து போனால் கதை சொல்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடுவோம். பின்னாலிருந்து கேட்டால் ஒவ்வொரு படியிலும் நின்றாக வேண்டும்.

கம்பிலிருந்து தொடங்கலாம். அதே சுத்தத்தில் வழக்கமான பன்னிரண்டிலிருந்து ஒரு கிளை பிரிகிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தச் சுத்தத்தில் மிகவும் பிடித்த இடம் அது. வேட்கையைச் சார்ந்து தேடல், தேடலைச் சார்ந்து கிடைப்பது, கிடைத்ததைச் சார்ந்து இது இன்னாருக்கு, இதற்கு என்று முடிவுகட்டுவது, அதைச் சார்ந்து ஆசைப்பிடிப்பு, அப்புறம் ஒட்டிக்கொள்ளல், தன்வசமாக்கல், கஞ்சத்தனம், காவல், காவலைச் சார்ந்து தடியெடுத்தல், ஆயுதமெடுத்தல், சண்டை, வாக்குவாதம், கோள், பொய். இந்தக் கடைசி வரிசையில் பாலியில் 'துவம் துவம்' என்று ஒரு சொல் வருகிறது. 'நீ, நீ' என்று அர்த்தம். வேலியடியில் நின்று ஒருவரையொருவர் விரல் நீட்டிப் பேசியதற்கு இதைவிடச் சுருக்கமான பெயர் கிடைக்காது.

சித்தப்பாவின் சாக்கு இந்த வரிசையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மாணவர்கள் உடனே 'காவல்' என்பார்கள். சரிதான். காவல் இல்லையென்றால் கம்பு இருக்குமா? அவர் சாக்கு கட்டாத எத்தனையோ கூழஞ்சக்கை அதே விளையில் அணில் தின்றும் விழுந்தும் போயிருக்கிறது, அதற்கெல்லாம் அவர் கம்பு எடுத்ததில்லை. 'இது மகளுக்கு' என்று முடிவுகட்டிய அன்றே இந்தச் சக்கை மற்றவற்றிலிருந்து பிரிந்துவிட்டது. மகளுக்கு ஒரு பழம் எடுத்துவைப்பதில் என்ன குற்றம் என்று கேட்டால் ஒரு குற்றமுமில்லை. இங்கே நாம் குற்றம் தேடவில்லை, எது இல்லாவிட்டால் எது இருக்காது என்பதை மட்டும் தேடுகிறோம். இந்த வேறுபாடு நழுவினால் நிதானங்கள் நீதிமன்றமாகிவிடும்.

கம்புக்கு அடியில் பவமும் பற்றும். அந்தக் காலையில் அவர் ஒருவராக 'ஆகி' நின்றார். ஏமாற்றப்பட்டவர், விட்டுக்கொடுக்கக் கூடாதவர், இந்த விளைக்காரர். ஐந்து மணிக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு இந்த வேஷம் எதுவும் இல்லை. எதைப் பிடித்ததால் இது வந்தது? பற்று நான்கு வகை என்கின்றன சுத்தங்கள்: காமப்பற்று, கருத்துப்பற்று, விரத ஒழுக்கங்களில் பற்று, 'நான்' என்ற கோட்பாட்டில் பற்று. இங்கே சக்கைச்சுளை மேல் உள்ள பற்று சின்னது, அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவர் தின்னப்போவதுமில்லை. 'வேலிக்கு இந்தப் பக்கம் வேர் இருந்தால் காய் எங்கே தொங்கினாலும் நமக்குத்தான்' என்ற கருத்துமேல் உள்ள பற்று பெரிது. அதைவிடப் பெரிது 'எனக்க' என்ற அந்த ஒரு சொல். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'என்னுடைய' என்பதற்கு அதுதான், வேலியின் இரண்டு பக்கமும் அதே சொல்தான் பறந்தது.

பற்றுக்கு அடியில் வேட்கை. இங்கேதான் மாணவர்கள் திணறுவார்கள், ஏனென்றால் வேட்கை என்றாலே இனிப்பான ஒன்றின் மேல் வரும் ஆசை என்று பழகிவிட்டோம். காம்பைப் பார்த்தபோது வந்தது கசப்பு. கசப்பிலிருந்து வேட்கை எப்படி வரும்?

சல்லத்த சுத்தம் இதற்கு விடை வைத்திருக்கிறது. பயிற்சியில்லாதவன் துன்ப நுகர்வால் தீண்டப்படும்போது ஓர் அம்பு பட்ட இடத்திலேயே இரண்டாவது அம்பும் பட்டவன் போல ஆகிறான் என்ற உவமை எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்துச் சொல்வதைத்தான் விட்டுவிடுகிறோம். அவன் துன்ப நுகர்வை எதிர்க்கிறான், எதிர்த்தபடியே புலன் இன்பத்தை நாடுகிறான், ஏனென்றால் துன்ப நுகர்விலிருந்து வெளியேற அதைத் தவிர வேறு வழி அவனுக்குத் தெரியாது. சித்தப்பாவிடம் நான் இதைப்பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது அப்படியே பொருந்தியது. லைட் வெளிச்சத்தில் காம்பைப் பார்த்ததும் வயிற்றில் தீப்பிடித்த மாதிரி இருந்ததாம், அப்புறம் மிச்ச மரங்களை வெட்டி முடிக்கிறவரை, விடிந்ததும் அவனிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், அவன் என்ன சொல்வான், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தாராம். 'அது ஒரு சொகமால்லா இருந்து' என்றார். அந்தச் சொகத்தைப் பாருங்கள். கசப்பு பட்ட இடத்தில் ஓர் இனிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது, அந்த இனிப்பை நோக்கிய சாய்வுதான் வேட்கை. கசப்பு தானாக வேட்கையாக மாறவில்லை. கசப்பிலிருந்து ஓட வழி தேடியபோது வேட்கை வந்தது.

வேட்கைக்கு அடியில் நுகர்வு, அந்தத் தீ. நுகர்வுக்கு அடியில் ஊறு. ஊறு என்பது கண், உருவம், கண்வழி அறிதல் மூன்றும் கூடுவது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஊறு இல்லை. லைட்டை மேலே திருப்பாமல் போயிருந்தால் அன்று காலை அந்த ஊறு இல்லை. ஆனால் கண்ணில் பட்டது என்ன? வெட்டிய காம்பு, வெள்ளைப் பால், அவ்வளவுதான். 'அவன்' காம்பில் இல்லை. அவன் வந்தது ஆறாவது வாயில் வழியாக, மனத்தின் வழியாக. போன வருஷம் ஆடு வேலி தாண்டி வந்தது, அதற்கு முந்திய வருஷம் ஓடையில் மண்ணைத் தள்ளியது என்று ஒவ்வொரு நினைவும் மனவாயிலில் ஒரு புது ஊறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புது நுகர்வு. ஆக அன்று காலை ஓடியது ஒரு சங்கிலி இல்லை. இரண்டு மணி நேரத்தில் நூறோ இருநூறோ ஓடியிருக்கும். சுவரில் மாட்டும் படத்தில் பன்னிரண்டு வளையம் ஒருமுறை சுற்றி வந்து முடிந்துவிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உறைப்பதே இல்லை.

இதற்கும் அடியில் மனமும் உடலுமான அருவுருவும், உணர்வும். வரிசை என்ற எண்ணமே இங்கே உடைகிறது. அருவுருவில் 'அரு' என்பதற்குச் சுத்தத்தில் கொடுத்திருக்கும் விளக்கம் என்ன தெரியுமா: நுகர்வு, குறிப்பறிதல், நோக்கம், ஊறு, கவனம். ஊறும் நுகர்வும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, பின்னால் ஆறாவதாகவும் ஏழாவதாகவும் மறுபடி வருகின்றன! இது தொகுத்தவரின் கவனக்குறைவு இல்லை. நிதானங்கள் ரயில் நிலையங்கள் போல ஒன்றைத் தாண்டி ஒன்றாக வருபவை அல்ல என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். உணர்வும் அருவுருவும் ஒன்றிலொன்று சாய்த்து நிறுத்திய இரண்டு நாணல் கட்டுகள் போல, ஒன்றை உருவினால் மற்றதும் விழும் என்று புத்தரின் சீடர் சாரிபுத்தர் இன்னொரு சீடரான மகாகோட்டிதருக்குச் சொல்கிறார். இதில் எது முதல் என்று கேட்பதற்கு இடமே இல்லை.

சரி, மூட்டுக்குத் திரும்புவோம். நுகர்வு இருந்தும் வேட்கை எழாமல் இருக்க முடியும் என்பதற்குச் சுத்தங்களிலேயே ஓர் ஆள் இருக்கிறார், புத்தர்தான். கற்சிதறல் பட்டு அவர் காலில் காயமானபோது கடுமையான, கூரிய, விரும்பத்தகாத வலி இருந்ததாக நூல் ஒளிக்காமல் சொல்கிறது. வலி இல்லை என்று சொல்லவில்லை. வலியோடு அவர் மறதியில்லாமல், கலங்காமல் படுத்திருந்தார் என்கிறது. முதல் அம்பு உண்டு, இரண்டாவது இல்லை. ஆக, பூரண ஞானம் பெற்றவருக்கும் ஊறு உண்டு, நுகர்வு உண்டு. இரண்டாம் சந்தியில் சங்கிலி நிற்கிறது.

ஏன் அவருக்கு நிற்கிறது, சித்தப்பாவுக்கு நிற்கவில்லை? பாரிலேய்ய சுத்தத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பேதைமையோடு கூடிய ஊறிலிருந்து பிறந்த நுகர்வால் தீண்டப்பட்டவனுக்கு வேட்கை எழுகிறது. பேதைமை பட்டியலில் முதலில் இருப்பதால் அது எப்போதோ முன்பிறவியில் நடந்து முடிந்த சமாச்சாரம் என்று நினைக்கிறோம். இந்த வரியிலோ அது ஊறுக்குள்ளேயே கலந்து வருகிறது. பாலில் கலந்த தண்ணீர் மாதிரி. காம்பைப் பார்த்த அதே கணத்தில், எரிகிற அந்த வயிறு இப்போது தோன்றியது, தானே கொஞ்ச நேரத்தில் அடங்கும், அதிலிருந்து வெளியேற இனிப்பு தேவையில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. இந்தத் தெரியாமைதான் மரம் ஓய்வில் இருக்கிறதா, பால் கட்டி நிற்கிறதா என்பதைப் போல. கீறல் எல்லோருக்கும் விழுகிறது.

எது நுகர்வு, எது வேட்கை என்று நமக்குள் பிரித்துப் பார்க்க ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்பார்கள். நான் ஒரு வழி சொல்வதுண்டு, குறையோடுதான். தமிழில் 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு வலிக்கிறது', 'எனக்கு எரிகிறது' என்கிறோம். வலி என்னிடம் வந்து சேர்வதாகத்தான் மொழி சொல்கிறது, நான் அதைச் செய்வதாகச் சொல்வதில்லை. அப்படி 'எனக்கு இப்படி இருக்கிறது' என்று முடிந்துவிடும் வாக்கியம் நுகர்வு. அதில் 'வேண்டும்', 'கூடாது', 'விடக்கூடாது' என்று வால் முளைத்தால் வேட்கை. 'எனக்க' என்று வந்துவிட்டால் பற்று. குறை என்னவென்றால், 'எனக்கு வேண்டும்' என்பதும் அதே 'எனக்கு' தான். அதாவது வேட்கையையும் நாம் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்வதில்லை, அதுவும் சார்புகள் கூடியபோது வந்து சேர்கிறது. மோலியபக்குனர் என்ற துறவி புத்தரிடம் 'யார் நுகர்கிறார், யார் வேட்கைப்படுகிறார்' என்று வரிசையாகக் கேட்டபோது, கேள்வியே பொருந்தாது, எதைச் சார்ந்து நுகர்வு, எதைச் சார்ந்து வேட்கை என்று கேள் என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். எனவே 'நான் என் வேட்கையை அடக்குகிறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டில் உட்காருவது இந்த முறை இல்லை. அடக்குவதில் ஓர் 'அடக்குகிறவன்' பிறந்துவிடுவான், அவனும் பவம்தான்.

இன்னொரு தவறு எங்கள் ஊரில் அதிகம். 'எல்லாம் போன ஜென்மத்து வினை, சக்கை போக வேண்டுமென்று இருந்திருக்கிறது' என்பது. ஆறுதலுக்குச் சொல்வது வேறு, பௌத்தம் என்று சொல்வது வேறு. மோலியசீவகர் என்பவர் நுகர்வதெல்லாம் முன்வினையால்தானா என்று கேட்டபோது, பித்தம், கபம், வாதம், இவை மூன்றின் கூட்டு, பருவநிலை மாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழைச் சொல்லிவிட்டு, வினைவிளைவை எட்டாவதாகத்தான் வைக்கிறார் புத்தர். இதெல்லாம் அவரவரே பார்த்து அறியக்கூடியது, எல்லாம் முன்வினை என்பவர்கள் கண்கூடானதைத் தாண்டிப் போகிறார்கள் என்கிறார். முழுக்க முன்வினை என்ற கொள்கையைச் சுத்தங்கள் நிகண்டர்கள் பேரில் வைத்து மறுக்கின்றன, அதாவது சமணர்கள். சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு 'புத்தர் கோயில்' என்று படம் போடுகிறவர்கள் இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தையாவது தெரிந்துகொள்ளலாம். (சமணர்களின் சொந்த வினைக்கொள்கை பௌத்த நூல் காட்டுவதைவிட நுணுக்கமானது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கடைசியாக, நான் செய்ததில் உள்ள ஒரு வசதியையும் உடைத்துச் சொல்கிறேன். வேலியடியில் சித்தப்பா 'ஏமாற்றப்பட்டவராகப் பிறந்தார்' என்று பவத்தையும் தோற்றத்தையும் ஒரு காலைக்குள் அடக்கிக் காட்டினேன். தாய்லாந்தின் புத்ததாச பிக்கு போன்றவர்கள் இப்படிப் படிப்பதுதான் சரி என்று வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் சுத்தம் பிறப்பை விளக்கும்போது உயிர்கள் அந்தந்த உயிர்வகையில் பிறப்பது, உடலும் மனமுமான கந்தங்கள் வெளிப்படுவது, வாயில்கள் கிடைப்பது என்றுதான் சொல்கிறது. மூப்பை விளக்கும்போது பல் விழுவது, தலை நரைப்பது என்கிறது. அது மனநிலையின் பிறப்பு இல்லை, தொட்டிலும் பாடையும். பிற்கால விளக்கநூலான விசுத்திமக்கத்தில் புத்தகோசர் பன்னிரண்டையும் மூன்று பிறவிகளில் பிரிக்கிறார், மணிமேகலையும் மூன்று காலம் என்றே பிரிக்கிறது. என் நிலைப்பாடு இதுதான்: ஊறு முதல் பற்று வரையுள்ள பகுதியை ஒரு காலைப்பொழுதில் கண்ணால் பார்க்க முடியும், அங்கே எடுத்துக்காட்டு எடுத்துக்காட்டாகவே நிற்கும். பவத்துக்கு அப்பால் அதே எடுத்துக்காட்டை இழுத்தால் அது உவமை. உவமையாகச் சொல்லலாம், தேர்வில் விடையாக எழுதக்கூடாது.

இதையெல்லாம் போன மாதம் சித்தப்பாவிடம் உட்கார்ந்து சொன்னேன். கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

'அப்போ எனக்க வயிறு எரிஞ்சதுல தப்பில்லைங்கியா?'

'இல்ல சித்தப்பா. அது நுகர்வு, வந்தே தீரும்.'

'கம்பு எடுத்தது?'

'அது ரொம்பத் தள்ளி. அதுக்கு முன்னால பத்து இடம் இருந்துச்சு.'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 'அந்தச் சொகம் இருக்குல்லா, நீ சொன்னது, அவன்கிட்ட என்ன கேக்கணும்னு நெனச்சுப் பாக்குற சொகம். அது இப்பவும் சில நாள் வருது மக்களே' என்றார். 'காம்பு எப்பவோ காஞ்சு விழுந்துட்டு.'